இருபது வயது இடைவெளி

டொனால்ட் டிரம்புக்கும் அவர் மனைவி மெலனியாவுக்கும் ஏறக்குறைய 24 வயது வித்தியாசம். பிரான்ஸ் அதிபர் எம்மானுவேல் மக்ரோனுக்கும் அவர் மனைவி பிரிஜித்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். முதல் ஜோடியில் மூத்தவர் கணவர், இரண்டாவதில் மனைவி. கழித்தல் கணக்கு ஒன்றாக இருந்தும் ஊர்ப்பேச்சு ஒன்றாக இல்லை. பிரிஜித் பிறப்பிலேயே ஆண் என்றொரு கட்டுக்கதை கிளம்பி, அந்தக் குடும்பம் நீதிமன்றப் படியேற வேண்டிவந்தது. மூத்த கணவர்களுக்கு இந்த மாதிரி சோதனை வருவதில்லை.

“அப்பா-மகள் மாதிரி இருக்காங்க”, “அக்கா-தம்பின்னு நெனச்சேன்” என்பதெல்லாம் பார்க்கிறவர் கண்ணைப் பற்றிய செய்தி. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

அதற்காகக் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்று ஆகிவிடாது. டிரம்பைச் சந்தித்தபோது மெலனியாவுக்கு 28 வயது. மக்ரோன் பிரிஜித்தைச் சந்தித்தபோது அவர் 15 வயது மாணவர். பிரிஜித் அதே பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்த, நாற்பதை நெருங்கிய ஆசிரியை. 2007-இல் திருமணம் நடந்தபோது மணமகனுக்கு 29. அந்தத் தாம்பத்தியம் நன்றாகவே நடந்துவருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஆசிரியை, மாணவர் என்ற தொடக்கத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. அது 24 என்ற எண்ணைப் பற்றியதல்ல. நாற்பதும் அறுபத்துநாலும் சேரும்போது அந்தக் கேள்வி எழவே எழாது.

இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுமியின் ‘சம்மதத்தை’ச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பதினெட்டு முடிந்த மறுநாள் சட்டம் விலகிக்கொள்கிறது. அங்கேதான் பெற்றவர்களும் தோழிகளும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண், நாற்பதை எட்டும் ஆண் என்றால் முகப் பொருத்தத்தை விட்டுவிட்டுச் சின்ன விஷயங்களைக் கவனிக்கலாம். படிப்பு பாதியில் நின்றதா? அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஏடிஎம் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது? பழைய தோழிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்களா? எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்பதிலாவது அவள் சொல் எடுபடுகிறதா? இதற்கெல்லாம் திருப்தியான பதில் வந்தால் மிச்சமிருப்பது நம் முகச்சுளிப்பு மட்டும்தான்.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் ஒரு கட்சியையே பிளந்திருக்கிறது. 1949 ஜூலை 9 அன்று பெரியார் மணியம்மையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு எழுபதாவது வயது நடந்துகொண்டிருந்தது. மணியம்மை அவரைவிட ஏறக்குறைய நாற்பது வயது இளையவர். கேலி ஒரு பக்கம் கொட்டியது. அதோடு சேராத ஓர் எதிர்ப்பும் இருந்தது. பொருந்தாத் திருமணம் கூடாது என்று மேடை மேடையாகப் பேசியவரே இப்படிச் செய்யலாமா, இயக்கம் யார் கைக்குப் போகும் என்று தொண்டர்கள் கேட்டார்கள். அந்தச் செப்டம்பரில் அண்ணா தனியே வந்து தி.மு.க.வைத் தொடங்கினார்.

இயக்கத்துக்கும் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பதே பெரியார் தந்த விளக்கம். மகளாகத் தத்தெடுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. அன்றைய இந்துச் சட்டத்தில் பொதுவாகப் பெண்ணைத் தத்தெடுக்க வழியில்லை. 1956-இல் வந்த சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. பெரியார் 1973-இல் மறைந்தபின் திராவிடர் கழகத்தை மணியம்மையே நடத்தினார். அந்த முடிவு சரியா தப்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அன்று எழுந்த கேள்விகளில் காலத்தைத் தாண்டி நிற்பது வாரிசு பற்றியதுதான். கேலியெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

வாரிசுக் கேள்வி சாதாரண வீட்டில் எப்படி வந்து நிற்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனைவியை இழந்த 55 வயதுக்காரர், வளர்ந்த பிள்ளைகள் இருவர். 35 வயதுப் பெண்ணை மணக்கிறார். அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய ஒரே வீடு. அவருக்கு 75 ஆகும்போது அவளுக்கு 55. வேலையில் இருக்கிற வயதில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்கிறது. அவர் 78-இல் காலமானால் அவள் 58-இல் தனி ஆள். இன்னும் இருபது வருடம் வாழ வேண்டியிருக்கலாம்.

உயில் எழுதாமல் அவர் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் சமமாக மூன்று பங்கு. பிள்ளைகள் பாகம் கேட்டால் வீட்டை விற்றுப் பிரிக்கும் நிலை வரலாம். அவள் வாடகை வீடு தேட வேண்டும். “பேங்க்ல நாமினி போட்டாச்சு, கவலையில்லை” என்பார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமையுள்ளவர், அவ்வளவே. பங்கு வாரிசுகளுக்கு உண்டு.

இதற்குப் பலரும் கையாளும் வழி, மனைவி ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கலாம், பிறகு அது பிள்ளைகளைச் சேரும் என்று உயில் எழுதுவது. வாசகத்தில் கவனம் வேண்டும். ஜீவனாம்சத்துக்குப் பதிலாக வீட்டைத் தருகிறேன் என்று எழுதிவிட்டால், ஆயுள் உரிமை முழு உரிமையாகவே மாறிவிட்டது என்று பின்னால் வழக்கு வரலாம். 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வகையில் தீர்ப்பளித்திருக்கிறது. வெள்ளைத்தாளில் வீட்டிலேயே எழுதாமல் வக்கீலிடம் போவது நல்லது. மருத்துவக் காப்பீடும் இப்படித்தான். குடும்பத்துக்கு ஒரே பாலிசி எடுத்தால் பிரீமியம் மூத்தவர் வயதை வைத்தே ஏறும், ஆகவே தனித்தனிப் பாலிசிக்கும் விலை கேட்டுப் பார்க்கலாம். மாப்பிள்ளை மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், ஓய்வுக்குப் பிறகு கட்டிய மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவள் பெயரை அவர் உயிரோடு இருக்கும்போதே அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 13 ஆண்டுகள் குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. தன்னைவிட இளைய துணை அமைந்தவர், ஆணானாலும் பெண்ணானாலும், தொடக்கத்தில் கூடுதல் மகிழ்ச்சியோடுதான் இருந்தார். ஆனால் வயது இடைவெளி அதிகமான ஜோடிகளில் அந்த மகிழ்ச்சி மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்து, பத்து ஆண்டுக்குள் அந்த முன்னிலை காணாமல் போயிற்று. வேலை போவது, கையில் காசு முடைப்படுவது போன்ற அடி விழுந்தபோது இவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். ஊர்ப்பேச்சு இவர்களைப் பிரித்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

முதல் மனைவியின் பிள்ளைகள் “மானம் போச்சு” என்று குதிக்கிற வீடுகளில், சண்டையின் அடியில் பெரும்பாலும் இந்த வீட்டுப் பத்திரம்தான் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து உயிலை வாசித்துக் காட்டினால், எதிர்ப்பில் பாதி அங்கேயே அடங்கிவிடக்கூடும். அடங்காத மீதி என்னவென்பதும் அப்போதுதான் தெரியும்.