ஒரே பெட்டி, இரண்டு எண்கள்: எதிர்பார்க்கும் சம்பளத்தை எப்படி நிரப்புவது?

வேலைக்கு விண்ணப்பிக்கும் இணையப் படிவங்களில் பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் தடையில்லாமல் நிரம்பிவிடும். Expected CTC என்ற பெட்டியில்தான் கை நின்றுவிடும். மனதில் இருப்பது பதினொன்றிலிருந்து பதினாலு லட்சம். பெட்டி கேட்பதோ ஒரே எண். 11-14 என்று தட்டினால் சில படிவங்கள் சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும். நடுவில் உள்ள கோட்டை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு 1114 என்று பதிந்துகொள்ளும் படிவங்கள் இன்னும் ஆபத்தானவை. அந்த விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் பலர் கீழ் எண்ணைப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். பிறகு பேச இடமே இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

எதிர்பார்ப்பு ஏன் ஒரு வரம்பாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேலையின் தன்மை, ஊர், வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி ஆகியவற்றைப் பொறுத்து ஓரளவு ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் இந்தியத் தனியார் வேலைகளில் அந்த வரம்பின் பெரும்பகுதி மனத்தயக்கத்தால் வருவதில்லை. ஒரே சம்பளத்தை இரண்டு நிறுவனங்கள் இரண்டு அளவுகோலில் அளப்பதால் வருகிறது. சிடிசி என்பது நிறுவனம் ஒரு ஊழியருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் பணமும், நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும், கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் தொகையும், ஆண்டு இறுதியில் கிடைத்தாலும் கிடைக்கும் வேரியபிள் தொகையும் அதற்குள் அடக்கம். சில நிறுவனங்கள் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தையும் சேர்த்துக் காட்டுகின்றன. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்பதில் நிறுவனங்களுக்குள் ஒரே வழக்கம் கிடையாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் நாலைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு மென்பொருள் சோதனைப் பொறியாளருக்கு, வருமான வரிக்கு முன் மாதம் 90,000 ரூபாய் கைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. முதல் நிறுவனம் சிடிசியில் பாதியை அடிப்படைச் சம்பளமாக வைக்கிறது, பத்து சதவீதத்தை வேரியபிளாகப் பிடித்துவைக்கிறது, முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிஎஃப் கட்டுகிறது, கிராஜுவிட்டிக்கான 4.81 சதவீதத்தையும் சிடிசிக்குள்ளேயே காட்டுகிறது. இந்த நிறுவனம் 14,30,000 ரூபாய் சிடிசி தருவதாகக் கொண்டால், வேரியபிளுக்கு 1,43,000, நிறுவனத்தின் பிஎஃப் பங்குக்கு 85,800, கிராஜுவிட்டிக்குச் சுமார் 34,400 போய்விடும். மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 97,200. அதில் ஊழியரின் சொந்த பிஎஃப் பங்கு 7,150 கழிந்தால் கைக்கு வருவது 90,000 சொச்சம்.

இரண்டாவது நிறுவனத்தில் வேரியபிளே இல்லை. பிஎஃப் சட்ட உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும், அதாவது இரு தரப்பும் மாதம் 1,800. கிராஜுவிட்டியை அது சிடிசிக்கு வெளியே வைத்திருக்கிறது. இங்கே 11,25,000 ரூபாய் சிடிசிக்கே மாதம் 90,150 கைக்கு வந்துவிடும். ஒரே கைச்சம்பளத்துக்கு ஓரிடத்தில் பதினாலேகால் லட்சத்துக்கு மேல், இன்னோரிடத்தில் பதினொன்றேகால் லட்சம். பதினொன்றிலிருந்து பதினாலு என்று அவர் மனதில் ஓடிய வரம்பு இதுதான். முதல் நிறுவனத்தில் பிஎஃபில் கூடுதலாகச் சேரும் பணமும் அவருடையதே என்பதை மறக்கக் கூடாது. அந்த வகையில் அது உண்மையிலேயே கூடுதலாகத் தருகிறது. ஆனால் அடுத்த மாத வாடகையை அந்தப் பணம் கொடுக்காது.

ஆகவே, பெட்டியில் போட வேண்டிய எண்ணை வரம்பின் கீழ்முனை, மேல்முனை, சராசரி என்று தேடுவது தவறான இடத்தில் தேடுவது. கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு பெட்டியின் தலைப்பை வாசித்து, அந்தத் தலைப்பு கேட்கும் அளவுகோலுக்கு அதை மாற்றி எழுத வேண்டும். தலைப்பில் CTC என்று இருந்தால், பிடித்தங்கள் அதிகமுள்ள அமைப்பை வைத்துப் போட்ட எண்ணே சரி: நம் பொறியாளருக்கு அது 14.3. Fixed என்று இருந்தால் வேரியபிள் இல்லாத பகுதியை மட்டும் கேட்கிறார்கள் என்று பொருள். அங்கே 14.3 என்று போட்டால் வேரியபிளும் சேர்ந்து பதினாறு லட்சத்துக்கு ஆசைப்படுகிறவர் போலத் தெரியும். சிலர் பிஎஃபையும் ஃபிக்ஸடுக்குள் சேர்த்துச் சொல்வதால், 12 முதல் 12.9 வரையிலான ஒரு எண்தான் அவருக்குப் பொருந்தும். Monthly, In-hand என்ற தலைப்புகளும் வருவதுண்டு. லட்சத்தில் கேட்கிறார்களா, முழு ரூபாயிலா என்பதையும் பெட்டியின் ஓரத்தில் பார்த்துவிட வேண்டும். ரூபாய் கேட்கும் இடத்தில் 14 என்று போட்டவர், ஆண்டுக்குப் பதினாலு ரூபாய் கேட்டவராகத்தான் பட்டியலில் நிற்பார். புள்ளியை ஏற்காத படிவமாக இருந்தால் 14 என்று கீழே முழுமையாக்கலாம். இருபது, முப்பதாயிரத்துக்காக 15 என்ற அடுத்த படிக்கு ஏற வேண்டியதில்லை; அமர்த்துகிறவர்கள் வரம்பு போட்டுத் தேடும்போது பெரும்பாலும் முழு எண்களில்தான் போடுவார்கள்.

கீழ் எண்ணைப் போட்டால் அழைப்பாவது வருமே என்பது வலுவான எதிர்வாதம். அந்தப் பெட்டி முதலில் ஒரு சல்லடைதான். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் விண்ணப்பங்களைச் சம்பள வரம்பின்படி வடிகட்டுவார்கள், மிஞ்சுபவர்களின் பெயர், அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் ஆகியவற்றை ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றி மேலாளருக்கு அனுப்புவார்கள். 12 லட்சம்தான் பட்ஜெட் என்றால் 14.3 அந்தத் தாளுக்கே போகாது. ஆனால் சல்லடையைத் தாண்டிய பிறகும் அதே எண் தாளில் நிற்கிறது. கடைசிச் சுற்றில் மனிதவளத் துறை எடுத்து நீட்டுவது அதைத்தான்: “படிவத்தில் பதினொன்றேகால் என்று நீங்களே போட்டிருக்கிறீர்களே.” அங்கிருந்து இறங்குவது எளிது, ஏறுவது மிகக் கடினம். முதலில் மேசைக்கு வரும் எண், அதன்பின் நடக்கும் மதிப்பீட்டையெல்லாம் தன் பக்கம் இழுக்கும் என்பதை உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். நாம் எழுதிய கீழ் எண் நம்மையே இழுத்துக்கொண்டு போகும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஏம்ஸும் மாலியா மேசனும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வரம்பு விஷயத்தையே நேராக எடுத்துக்கொண்டது. பேரத்தில் ஒற்றை எண் சொல்வதைவிட, நமக்கு வேண்டிய எண்ணைக் கீழ்முனையாக வைத்து அதற்கு மேல் ஒரு வரம்பு சொல்வது பல நேரங்களில் கூடுதல் பலன் தந்தது; எதிரில் இருப்பவர் அதை முரட்டுத்தனமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டிய எண்ணை மேல்முனையாக வைத்து, அதற்குக் கீழே இறங்கத் தயார் என்று சொன்னவர்களுக்கு அப்படிப் பலன் கிடைக்கவில்லை. நம்மூரில் பலர் சொல்லும் வரம்பு இந்த இரண்டாவது வகைதான்: உள்ளூர வேண்டியது பதினாலு, வாயில் வருவது பதினொன்று முதல் பதினாலு. கேட்கிறவர் காதில் பதினொன்று மட்டும்தான் விழும்.

பெட்டியில் 0 அல்லது 1 போட்டு நழுவிவிடலாம் என்ற யோசனையும் உண்டு. மனிதர் ஒருவரே எல்லா விண்ணப்பங்களையும் வாசிக்கும் சிறு நிறுவனத்தில் அது எடுபடலாம். வரம்பு போட்டு வடிகட்டும் இடத்தில் 0 கீழ் எல்லைக்கு வெளியே விழும், 999 மேல் எல்லைக்கு வெளியே விழும். இரண்டுக்கும் ஒரே கதி. விளம்பரத்திலேயே பட்ஜெட் போட்டிருந்தால் மட்டும் நம் கணக்கைக் கொஞ்சம் நகர்த்தலாம்: 10 முதல் 13 லட்சம் என்று இருந்து, அங்கே வேரியபிள் இல்லை என்று உள்ளே வேலை செய்பவர் மூலம் தெரிந்தால், 13 என்று போடுவதில் இழப்பே இல்லை. நம் 90,000 அதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

வரம்பு வைத்திருப்பவர் ஒரே எண்ணைச் சொல்வது பொய்யாகாதா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்பார்ப்பு என்பது ஒரு நிபந்தனையின் கீழ் சொல்லப்படும் விலை. நிபந்தனை மாறினால் அதுவும் மாறலாம். நிபந்தனையைச் சொல்லத்தான் பல படிவங்களின் அடியில் குறிப்புக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. இல்லாவிட்டால் உடன் இணைக்கும் கடிதம் இருக்கிறது. அதில் இரண்டே வரி போதும்: “14.3 லட்சம் என்பது பத்து சதவீத வேரியபிளும் முழு பிஎஃபும் உட்பட்ட சிடிசி. முழுவதும் ஃபிக்ஸட், பிஎஃப் சட்ட உச்சவரம்புக்கு மட்டும் என்றால் 12 முதல் 13 லட்சம் பற்றிப் பேசலாம்.” கீழ்முனை தேவைக்குக் கீழே போகவில்லை என்பதைக் கவனிக்கவும். தொலைபேசியில் “ஃபார்ம்ல பதினாலு போட்டிருக்கீங்க, சிடிசியா ஃபிக்ஸடா?” என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே. Current CTC என்ற பெட்டி மட்டும் வேறு சாதி. அது நடந்துமுடிந்த உண்மை. மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஒரு ரூபாயைக்கூட ஏற்றி எழுதக் கூடாது.

இந்தப் பாரம் முழுவதும் விண்ணப்பிப்பவர் தலையிலேயே ஏன் என்ற கேள்விக்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வேலை தருவதாகச் சொல்லிச் சம்பளத்தையும் பேசி முடிக்கும்வரை பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்ற சட்டம் 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய ஆணை, தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமையை வேலை தருபவர் மீது வைக்கிறது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. இங்கே முதல் எண்ணைச் சொல்ல வேண்டியவர் விண்ணப்பிப்பவர்தான். ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் மூன்று எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கைக்கு வேண்டியது, அதற்கான ஃபிக்ஸட், அதற்கான சிடிசி. பெட்டியின் தலைப்பை வாசித்த பிறகு, அதற்குரியதை மட்டும் நிரப்புங்கள்.