பேரன் முகத்தைத் தொட்டால் போதும்

ஆண்ட்ராய்டு போனில் ஒருவரை ஃபேவரிட் ஆக்குவது சுலபம். தொடர்புகள் பட்டியலில் அவர் பெயரைத் திறந்து, மேலே தெரியும் நட்சத்திரத்தைத் தொட்டால் வேலை முடிந்தது. பிறகு போன் செயலிக்குள் போனால் அவர் பெயர் மற்றவர்களோடு கலக்காமல் தனியாக நிற்கும். ஆனால் அதற்கு முதலில் செயலியைத் திறக்க வேண்டும், ஃபேவரிட் எங்கே என்று பார்க்க வேண்டும். கண் மங்கிய ஒருவருக்கு இதுவே அதிகம். அவருக்குத் தேவை, போனைத் திறந்ததும் எதிரே மகனின் முகம். அதைத் தொட்டதும் மணி அடிக்க வேண்டும்.

தென்காசிப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். மகன் சென்னையில், மகள் துபாயில், தம்பி மகன் அடுத்த தெருவில். லீவுக்கு வந்த பேரன் போனோடு உட்காருகிறான்.

அவன் முதலில் செய்ய வேண்டியது, மூவரின் தொடர்பிலும் படம் சேர்ப்பது. கல்யாண குரூப் போட்டோ வேண்டாம். முகம் மட்டும் நிறைந்த படம். பல போன்களில் குறுக்குவழி உருவாகும் நேரத்தில் இருக்கும் படமே அதில் தங்கிவிடுகிறது என்பதால் இது முதலிலேயே நடந்துவிட வேண்டும். அடுத்து, முகப்புத் திரையின் காலி இடத்தை அழுத்திப் பிடித்தால் Widgets என்று வரும். அதில் Contacts பகுதிக்குள் Direct dial என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை இழுத்துத் திரையில் விட்டால் பட்டியல் திறக்கும். மகனின் பெயரைத் தொட்டதும் அவர் முகம் திரையில் உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே Contact என்று இன்னொன்று இருக்கும். பலர் அவசரத்தில் அதைப் போட்டுவிடுகிறார்கள். அது அழைக்காது, மகனின் தொடர்பு அட்டையைத்தான் திறந்து காட்டும்.

முதல் சோதனையிலேயே பாட்டி கேட்கிறார்: "என்னடா, தொட்டா எந்த சிம்முன்னு கேக்குது?"

நம் ஊரில் இந்தச் சிக்கல்தான் அதிகம். இரண்டு சிம் உள்ள போனில், அழைப்புக்கு எந்த சிம் என்று முடிவு செய்யாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் போன் கேட்கும். ஒரு தொடுதல் இரண்டாகிவிடும். பாட்டியோ அந்தக் கேள்வியைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுவார். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், அழைப்புகளுக்கு என்று ஒரு சிம்மை நிலையாகத் தேர்ந்துவிட்டால் கேள்வி நிற்கும்.

அடுத்த வாரமே "உன் மாமா படத்தைக் காணோம்" என்று தகவல் வரலாம். வயதானவர்கள் மெதுவாக, அழுத்தமாகத் தொடுவார்கள். போன் அதை அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும். விரல் சற்று நகர்ந்தால் படம் இடம் மாறும், சில சமயம் நீங்கியே போகும். இதற்கு இரண்டு மருந்து உண்டு. சாம்சங்கில் முகப்புத் திரை அமைப்புகளில் Lock Home screen layout என்பதை இயக்கினால் படங்கள் அசையாது. வேறு பல போன்களிலும் இதுபோல ஒரு பூட்டு இருக்கும். இன்னொன்று, Accessibility பகுதியில் Touch & hold delay என்பதை நீளமாக மாற்றுவது. அப்போது சற்று நேரம் அழுத்தினாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும்.

மகள் விஷயத்தில் எண்ணைக் கவனிக்க வேண்டும். +971 என்ற நாட்டுக் குறியீட்டோடு சேமித்திருந்தால்தான் அழைப்பு துபாய் போய்ச் சேரும். வெளிநாட்டு அழைப்புக்குக் கட்டணமும் தனி. அதனால் வெளிநாட்டு உறவுகளுக்குப் பல வீடுகளில் வாட்ஸ்அப்தான் வழி, ஆனால் துபாயில் வாட்ஸ்அப் அழைப்புகள் பொதுவாக வேலை செய்யாது. வாட்ஸ்அப் உரையாடலையும் முகப்பில் குறுக்குவழியாக வைக்கலாம், ஆனால் அது உரையாடலைத் திறப்பதோடு நின்றுவிடும். மேலே இருக்கும் போன் அல்லது வீடியோ குறியைப் பாட்டி இன்னொரு முறை தொட வேண்டும். அதை மறைக்காமல் சொல்லிக்கொடுப்பதே நல்லது.

ஐபோனில் Direct dial கட்டம் கிடையாது. Shortcuts செயலியில் அழைப்புக்கு ஒரு செயலை உருவாக்கி, அதை முகப்பில் சேர்க்க வேண்டும். பேரன் செய்வான், பாட்டியால் ஆகாது.

எண் மாறும்போதுதான் உண்மையான ஆபத்து. மகன் புது எண் வாங்கி, தொடர்பிலும் அதை மாற்றிவிட்டாலும், சில போன்களில் முகப்பில் உள்ள படம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். முகம் மகனுடையது, எடுப்பவர் யாரோ. எண் மாறினால் பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதிதாக வைப்பதே பத்திரம்.

தவறுதலாகப் போகும் அழைப்பும் உண்டு. "அழைக்கட்டுமா?" என்று போன் கேட்காது, தொட்டால் போய்விடும். அதனால் படங்களைக் கட்டைவிரல் அடிக்கடி உரசும் கீழ் வரிசையில் வைக்காமல், நடுவில், இடையே ஒரு கட்டம் காலி விட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நடு ராத்திரி துபாயில் மணி அடிக்கும்.