ஒரு பெர்த், இரண்டு கவுன்டர்கள்

23 என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அது ஒருவரின் வயதாக இருக்கலாம், வீட்டு எண்ணாக இருக்கலாம், கணக்குத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். அதே தாளில் 12637, எஸ்-5, 2026 ஜனவரி 12 என்றும் எழுதினால் விஷயம் கொஞ்சம் பிடிபடுகிறது. எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸில், அன்றைக்கு, எஸ்-5 பெட்டியில் 23-ஆம் பெர்த். இவ்வளவு சேர்ந்த பிறகும் இதைத் தரவு என்றுதான் சொல்வேன். நடந்த ஒன்று பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த டிக்கெட் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டிக்கு எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ‘ஏறிப் படுக்கணுமா, கீழேயே இடமா?’ ஸ்லீப்பர் பெட்டியில் பெர்த்துகள் எட்டு எட்டாக அமைந்திருக்கும். ஒவ்வோர் எட்டிலும் 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். 8 பக்கவாட்டு மேல். 23-ஐ எட்டால் வகுத்தால் மீதி 7 வரும். ஆகவே பக்கவாட்டுக் கீழ் பெர்த், பாட்டி ஏற வேண்டியதில்லை. இந்தப் பதில்தான் தகவல். தரவோடு ஒரு விதி சேர்ந்தது, ஒருவருடைய கேள்விக்கு விடை கிடைத்தது, அவர் ஒரு முடிவெடுக்க முடிந்தது.

ஆனால் டிக்கெட்டில் ஆர்ஏசி என்று இருந்தால் அதே 23-க்குப் பொருளே மாறிவிடும். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை ஆர்ஏசி பயணிகள் இருவருக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். வேறு இடம் கிடைக்காவிட்டால் பாட்டி இரவு முழுக்க உட்கார்ந்தபடியேதான் போக வேண்டும். எண்ணைச் சரியாகப் படித்து, கணக்கையும் சரியாகப் போட்டு, நிலை என்ற ஒரு கட்டத்தைப் பார்க்காமல் விட்டால் தவறான தகவல் கிடைக்கும்.

‘பதப்படுத்தப்பட்ட தரவே தகவல்’ என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. தேர்வுக்கு அது போதும், ஆனால் புரிந்துகொள்ளப் போதாது. எந்தக் கேள்விக்காகப் பதப்படுத்தினோம் என்பது அந்த வரியில் இல்லை. பெட்டியில் டிக்கெட் பரிசோதிப்பவருக்கு 23-இல் யார் இருக்க வேண்டும் என்பது தகவல். பொங்கலுக்குச் சிறப்பு ரயில் விடலாமா என்று யோசிக்கும் அதிகாரிக்கு அந்த ஒரு பெர்த்தால் பயனே இல்லை. அவர் நாள்வாரியாகக் கூட்டிப் பார்ப்பார்:

```sql
SELECT journey_date, COUNT(*)
FROM booking
WHERE train_no = 12637
GROUP BY journey_date;
```

ஒவ்வொரு தேதிக்கும் எத்தனை பெர்த் விற்றது என்று வந்துவிடும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ரயில் நிரம்பிவிட்ட நாட்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். பத்துப் பேர் இடமில்லாமல் திரும்பிய நாளும் ஆயிரம் பேர் திரும்பிய நாளும் இந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் தெரியும். அதிகாரிக்கு வேண்டிய வேறுபாடு காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. அதைச் சேமித்து வைக்காவிட்டால், இருக்கும் தரவை எப்படித்தான் பதப்படுத்தினாலும் அந்தத் தகவல் வெளிவராது.

சரி, இந்தப் பதிவுகளை எங்கே வைப்பது? இந்திய ரயில்வே கணினி முன்பதிவை டெல்லியில் தொடங்கியது 1985-இல். அதற்கு முன்பு எல்லாம் பேரேடுதான். ஒரு ரயிலுக்குரிய பேரேடு ஒரு எழுத்தரிடம் இருக்கும், அந்த ரயிலுக்கு டிக்கெட் வேண்டுமென்றால் அந்தக் கவுன்டரில்தான் நிற்க வேண்டும். மெதுவான முறைதான். ஆனால் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது: ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கைகள் எழுத முடியாது.

இப்போது பேரேட்டுக்குப் பதிலாக ஒரு கணினிக் கோப்பை வைத்து, எழும்பூரிலும் மதுரையிலும் ஒரே சமயத்தில் திறக்கும்படி செய்ததாக வைத்துக்கொள்வோம். எழும்பூர் எழுத்தர் பார்க்கிறார், 23 காலி. அடுத்த நொடி மதுரை எழுத்தரும் பார்க்கிறார், அவருக்கும் காலி. முதலாமவர் ஒரு பயணியின் பெயரை எழுதிச் சேமிக்கிறார். இரண்டாமவர் வேறொரு பெயரை எழுதிச் சேமிக்கிறார். கடைசியாக வந்தது முதலில் வந்ததை அழித்துவிடுகிறது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இருவர் கையிலும் அச்சான டிக்கெட் இருக்கும். பயண நாளன்று எஸ்-5 பெட்டிக்குள்தான் குட்டு வெளிப்படும்.

தரவுத்தள மேலாண்மை அமைப்பு என்ற மென்பொருளின் தேவை இங்கேதான் வருகிறது. எழுத்தரின் நிரல் கோப்பை நேரடியாகத் தொடாது, நடுவில் இருக்கும் இந்த மென்பொருளிடம் கேட்கும். யார் எதைப் படிக்கலாம், எதை எழுதலாம், இருவர் ஒன்றாக வந்தால் யார் காத்திருக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். வகுப்புக்காக ஒரு சிறு அட்டவணை செய்து பார்க்கலாம். ரயில்வேயின் உண்மையான அமைப்பு இதைவிடப் பல மடங்கு சிக்கலானது.

```sql
CREATE TABLE booking (
  train_no     INT,
  journey_date DATE,
  coach        VARCHAR(3),
  berth_no     INT,
  pnr          CHAR(10),
  age          INT CHECK (age BETWEEN 0 AND 125),
  PRIMARY KEY (train_no, journey_date, coach, berth_no)
);
```

கடைசி வரியைக் கவனியுங்கள். ரயில், தேதி, பெட்டி, பெர்த் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று அமைப்புக்குச் சொல்லிவிட்டோம். புதிதாகப் படிப்பவர்கள் பலர் பிஎன்ஆரை முதன்மைச் சாவியாக வைத்துவிடுவார்கள். ஒரு பிஎன்ஆரில் ஆறு பேர் வரை பயணம் செய்யலாம் என்பதால், அப்படி வைத்தால் குடும்பத்தின் இரண்டாவது ஆளைப் பதியும்போதே அமைப்பு மறுத்துவிடும். நம் சாவிக்கும் ஒரு குறை உண்டு. உண்மையில் திருச்சியில் இறங்குபவரின் பெர்த்தை அங்கிருந்து மதுரைக்கு இன்னொருவருக்கு விற்கலாம். நம் அட்டவணையில் அது முடியாது, ஏறும் இடமும் இறங்கும் இடமும் அதில் இல்லை.

இதை ஆய்வகத்தில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் இந்த அட்டவணையை உருவாக்கி, இரண்டு சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். முதல் சாளரத்தில் `START TRANSACTION;` கொடுத்து 23-ஆம் பெர்த்துக்கு ஒரு வரிசையைச் செருகுங்கள், ஆனால் `COMMIT` கொடுக்காதீர்கள். இரண்டாவது சாளரத்தில் அதே பெர்த்தை வேறொரு பிஎன்ஆருக்குச் செருகிப் பாருங்கள். பிழையும் வராது, வெற்றியும் வராது, சாளரம் அப்படியே நிற்கும். முதலாமவர் என்ன செய்யப் போகிறார் என்று அமைப்பு இரண்டாமவரைக் காக்க வைத்திருக்கிறது. முதல் சாளரத்தில் `COMMIT;` கொடுத்ததும் இரண்டாவதில் `ERROR 1062 (23000): Duplicate entry` என்று வரும். `ROLLBACK;` கொடுத்திருந்தால் பெர்த் இரண்டாமவருக்குப் போயிருக்கும். எதையும் கொடுக்காமல் விட்டுவிட்டால், வழக்கமான அமைப்பில் 50 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு `ERROR 1205` என்று கைவிரித்துவிடும்.

வயதுக் கட்டத்திலும் ஒரு விதி வைத்திருக்கிறோம். யாராவது 600 என்று தட்டினால் அமைப்பு ஏற்காது. (ஆய்வகத்தில் இருப்பது மைஎஸ்கியூஎல்லின் 8.0.16-க்கு முந்தைய பதிப்பு என்றால் கவனம் தேவை. அந்தப் பதிப்புகள் `CHECK` வரியைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.) ஆனால் 60 என்பதற்குப் பதில் 6 என்று தட்டினால் எந்தப் பதிப்பும் தடுக்காது. ஆறும் ஒரு வயதுதானே. மூத்தவர்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கும் நிரல் அவரைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். பதிவு விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அமைப்பின் வேலை, அது உண்மைதானா என்பதை அதனால் அறிய முடியாது.

பெயர்களில் நடக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். தரவுத்தளம் என்பது ஒழுங்காகச் சேமித்து வைத்த பதிவுகளின் தொகுப்பு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் எல்லாம் அதை ஆளும் மென்பொருள்கள். எஸ்கியூஎல் அந்த மென்பொருளிடம் பேசும் மொழி. ‘எங்க தரவுத்தளம் மைஎஸ்கியூஎல்’ என்று பேச்சில் சொல்வது பழகிவிட்டது, விடைத்தாளில் அப்படி எழுத வேண்டாம்.

கடைசியாக, எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொல்லை. கைபேசியில் டிக்கெட் எடுக்கும்போது வங்கியில் பணம் போய்விடுகிறது, டிக்கெட் மட்டும் வருவதில்லை. பல வேலைகளை ஒரே கட்டாகச் செய்வது, ஒன்று தவறினாலும் அனைத்தையும் பழைய நிலைக்குத் திருப்புவது என்று பரிவர்த்தனை பற்றி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அப்படியென்றால் இது ஏன் நடக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால் அது மிக நல்ல கேள்வி.

ஓர் அமைப்பு தன் பொறுப்பில் உள்ள பதிவுகளுக்கு மட்டும்தான் அந்த உறுதியைத் தர முடியும். ஐந்து பேருக்கு டிக்கெட் எடுக்கும்போது மூன்றாவது பெயரில் மின்சாரம் போனாலும், அமைப்பு ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். மீண்டும் உயிர் வந்ததும் அதைப் படித்து, முடியாமல் நின்ற மாற்றங்களை நீக்கிவிடும். பாதி டிக்கெட் என்று ஒன்று மிஞ்சாது. ஆனால் உங்கள் பணம் இருப்பது வங்கியின் தரவுத்தளத்தில், பெர்த் இருப்பது ரயில்வேயுடையதில். இரண்டையும் ஆளும் மென்பொருள்கள் வேறு, நடுவில் இணைய இணைப்பு. வங்கி தன் பரிவர்த்தனையை முடித்துவிட்டு ‘பணம் வந்துவிட்டது’ என்று அனுப்பும் செய்தி வழியிலேயே தொலைந்தால், வங்கியின் கணக்கும் சரி, ரயில்வேயின் கணக்கும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தவறு தெரியும். ஒரு `ROLLBACK` இரண்டு நிறுவனங்களையும் எட்டாது. பின்னர் இரு தரப்புப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து, பணம் இருந்தும் டிக்கெட் இல்லாத வரிசைகளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பணம் கணக்குக்குத் திரும்பச் சில நாட்கள் ஆவது அதனால்தான்.