முதல் காலில் மூன்று விநாடி

வீட்டிலிருந்தே வேலை செய்யும் குழுவில் புதிதாகச் சேருபவருக்கு வழக்கமாக நடப்பது இதுதான். காலை பத்து மணி டீம் கால். திரையில் பன்னிரண்டு முகங்கள். "எல்லாரும் வந்தாச்சா? சரி, புதுசா சேர்ந்தவங்க உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க." கூச்சப்படுபவரின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பெயர், ஊர், படித்த கல்லூரி மூன்றையும் ஒப்பித்துவிட்டு மியூட்டுக்குள் போய்விடுவார். 'ரொம்ப சைலண்ட் டைப்' என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பெயரில் பாதி இணைய இணைப்புக்குச் சேர வேண்டியது. நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. நெட் சுமாராக இருந்தால் நம் குரல் அங்கே போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். பதில் திரும்பி வர இன்னொரு மடங்கு. 'பதிலே காணோமே' என்று அதற்குள் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். இரண்டு குரலும் மோதுகின்றன. "சாரி, நீங்க சொல்லுங்க." "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க." வாய்த்துடுக்கானவர் இதைச் சிரித்துத் தள்ளுவார். கூச்சப்படுபவர் இரண்டு முறை மோதினால் மூன்றாம் முறை வாயே திறக்கமாட்டார்.

ஆகவே கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970-களில் கண்டதும் இதையொட்டியதுதான்: ஆசிரியர்கள் பதிலுக்கு ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள், அதை மூன்று விநாடி ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. காத்திருக்கும்போது எதிராளியின் மைக் குறியைக் கவனியுங்கள். அது திறந்து, மறுபடி மூடினால், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார் என்று பொருள்.

டீம் காலுக்கு முன்பே இருவர் மட்டும் பேசிக்கொள்வது நல்லது. முந்தின நாள் ஒரு செய்தி போதும்: "நாளைக்கு 11 மணிக்கு இருபது நிமிஷம் பேசலாமா? வேலை விஷயம் இல்ல, சும்மா அறிமுகத்துக்குத்தான். கேமரா உங்க விருப்பம்." கடைசி வாக்கியம் முக்கியம். ஒரே அறை உள்ள வீட்டில் பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருக்கலாம். அதோடு, திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது வீடியோ கால் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதினார். ஜூமில் Hide Self View என்பதைத் தேர்ந்தெடுத்தால் நம் முகம் நமக்கு மட்டும் மறையும். இதைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சென்னையில் டீம் லீட், தென்காசியில் புதிய டெஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். "குட் மார்னிங் சார்" என்று தொடங்குகிறார். "சார் எல்லாம் வேண்டாம்" என்று உடனே மறுத்தால் முதல் வார்த்தையே தப்பாகிவிட்டதோ என்று அவர் சுருங்கிப்போவார். "இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, உங்களுக்கு எது வசதியோ அப்படிக் கூப்பிடுங்க" என்றால் போதும். அடுத்து லீட் தன் பக்கத்துக் கதையைச் சொல்கிறார்.

"எங்க தெருவுல காலைலேருந்து போர் போடுறாங்க, சத்தம் வந்தா சொல்லுங்க. உங்க பக்கம் எப்படி?"

மூன்று விநாடி.

"இங்க பக்கத்துல ஸ்கூல்... இன்டர்வெல் விட்டா ஒரே சத்தம்."

"எத்தனை மணிக்கு விடுவாங்க?"

"பத்தே முக்காலுக்கு."

"அப்போ உங்க அப்டேட்டை முதல்லயே சொல்லிடுங்க. பத்தரைக்குள்ள முடிஞ்சுடும்."

தன் பதிலால் ஒரு காரியம் நடந்ததை அவர் பார்த்துவிட்டார். 'உங்கள் பொழுதுபோக்கு என்ன' என்பது நேர்முகத்தேர்வுக் கேள்வி. 'இரண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டு மேடையேற்றுவது. பக்கத்தில் இருப்பதை, ஒரே வரியில் சொல்லக்கூடியதைக் கேட்பதே எளிது. சாப்பாடு, மழை, கரண்ட் கட் எல்லாம் தாராளமாகக் கேட்கலாம். சொந்த ஊர் எது என்பதுவரைகூடச் சரி. 'ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு' என்று நீண்டால் அது சாதி விசாரிப்பு, கேட்பவருக்கும் அது தெரியும். கல்யாணம், பழைய சம்பளம் இரண்டையும் தொடவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் டீம் காலில் அவர் பேசாமலே இருந்தால், தடுப்பது கூச்சமாக இல்லாமல் ஆங்கிலமாக இருக்கலாம். இருவர் காலில் தமிழில் சரளமாகப் பேசியவர் பெங்களூர்க்காரரும் புனேக்காரரும் இருக்கும் காலில் ஊமையாகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் முதல் சில வாரங்கள் அவருடைய அப்டேட்டைச் சாட்டில் எழுதச் சொல்லி, லீட் அதை அவர் பெயரைச் சொல்லியே எல்லோருக்கும் வாசிக்கலாம்.