நடுவே இன்னும் ஓர் ஊர்

சாலை வரைபடப் புத்தகங்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று இருக்கும். இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள், மேலேயும் அதே பெயர்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கிலோமீட்டர். நேர்ச்சாலை இல்லாத ஊர்களுக்கும் அதில் எண் இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்களின் தூரம் மட்டும் தெரிந்தால், மற்ற கட்டங்களை எப்படி நிரப்புவது?

எல்லா வழிகளையும் எழுதிப் பார்ப்பது ஆகிற காரியமல்ல. ஒன்றுக்கொன்று சாலை உள்ள இருபது ஊர்கள் இருந்தால்கூட, இரண்டு ஊர்களுக்கு இடையிலான வழிகள் கோடானுகோடியாகப் பெருகிவிடும்.

இதற்கான குறுக்குவழியை 1962-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ராபர்ட் ஃப்ளாய்ட் வெளியிட்டார். அதே ஆண்டில் ஸ்டீபன் வார்ஷல், தூரத்தை விட்டுவிட்டு, ‘போக முடியுமா, முடியாதா’ என்ற கேள்விக்கு இதே முறையை எழுதியிருந்தார். பிரான்ஸின் பெர்னார்ட் ருவா 1959-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஆனாலும் ஃப்ளாய்ட்-வார்ஷல் என்ற பெயர்தான் நிலைத்தது. ருவாவுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

முறை இதுதான். முதலில் நடுவே எந்த ஊருக்கும் இடம் இல்லை, நேர்ச்சாலை மட்டும். பிறகு, வழியில் முதல் ஊரைத் தொட்டுச் செல்லலாம் என்று அனுமதி கொடுத்து, எந்தத் தூரமாவது குறைகிறதா என்று அட்டவணை முழுவதையும் பார்க்க வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டாவது ஊருக்கும் அனுமதி. இப்படியே கடைசி ஊர்வரை.

அ, ஆ, இ, ஈ என நான்கு ஊர்களை வைத்துக்கொள்வோம். அ–ஆ சாலை 15 கி.மீ., அ–ஈ 2, ஈ–இ 3, இ–ஆ 4. மற்ற ஜோடிகளுக்கு நேர்ச்சாலை கிடையாது.

| | அ | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| அ | 0 | 15 | – | 2 |
| ஆ | 15 | 0 | 4 | – |
| இ | – | 4 | 0 | 3 |
| ஈ | 2 | – | 3 | 0 |

அ வழியாகப் போகலாம் என்றதும், ஆ–ஈ கட்டத்தில் 15+2, அதாவது 17 விழுகிறது. அடுத்து ஆ-வைத் திறந்தால் அ–இ கட்டத்துக்கு 15+4, 19 கிடைக்கிறது. இரண்டுமே மோசமான வழிகள். ஆனால் இதுவரை அனுமதித்த ஊர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இவையே மிகக் குறைவானவை. மூன்றாவதாக இ வந்ததும், ஆ–ஈ 17-இலிருந்து 4+3, 7 ஆகிறது. கடைசியில் ஈ. அ–இ 19-இலிருந்து 2+3, 5 ஆகிறது. அ–ஆ 15-இலிருந்து 2+7, 9 ஆகிறது.

அந்த 9-ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உண்மையான வழி அ, ஈ, இ, ஆ என்று இரண்டு ஊர்களைக் கடக்கிறது. ஆனால் கணக்கில் சேர்த்தது ஈ ஒன்றைத்தான். ஈ-யிலிருந்து ஆ-வுக்கு இ வழியாகப் போகும் 7, முந்தைய சுற்றிலேயே தயாராகக் காத்திருந்தது. எவ்வளவு நீண்ட வழியானாலும், புதிதாக அனுமதித்த ஊரில் அதை வெட்டினால், இரண்டு துண்டுகளும் பழைய ஊர்களை மட்டுமே தொடும். அவற்றின் தூரம் ஏற்கெனவே அட்டவணையில் இருக்கும்.

கணினிக்கு இதை நான்கே வரிகளில் சொல்லலாம்:

```
for k in range(n):
    for i in range(n):
        for j in range(n):
            d[i][j] = min(d[i][j], d[i][k] + d[k][j])
```

இதில் `k` என்பது புதிதாக அனுமதி பெறும் ஊர். ஒவ்வொரு சுற்றுக்கும் புது அட்டவணை வேண்டியதில்லை, ஒன்றிலேயே அழித்து எழுதலாம். ஆனால் வேலை ஊர் எண்ணிக்கையின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஆயிரம் ஊருக்கு 100 கோடி கூட்டல். இன்றைய கணினிக்கு அது பெரிதல்ல. பத்தாயிரம் ஊர் என்றால் ஒரு லட்சம் கோடி. அதனால்தான் நாடு முழுவதற்குமான வழிகாட்டிச் செயலிகள் இதை நேரடியாக நம்புவதில்லை.

புதிதாக எழுதுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் முதல் வரி. `k`-ஐ உள்ளே தள்ளிவிட்டு, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து நடுவூர்களைச் சோதிப்பார்கள். நம் அட்டவணையில் அப்படிச் செய்தால் அ–ஆ முறை வரும்போது ஈ–ஆ கட்டம் இன்னும் காலியாகவே இருக்கும். 15 அப்படியே தங்கிவிடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. ஆனால் முடிந்த அட்டவணையில் அ–இ 5, இ–ஆ 4, அ–ஆ மட்டும் 15 என்று நிற்கும். இரண்டு கட்டங்களின் கூட்டல் மூன்றாவதைவிடக் குறைந்தால் வரிசை தவறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்தத் தவற்றையே 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூவர் ஆராய்ந்தார்கள். `k` உள்ளே போன தப்பான நிரலை அப்படியே மூன்று முறை திரும்ப ஓட்டினால், எந்த வரைபடத்துக்கும் சரியான விடை வந்துவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள்.