3டி படமும் உண்மைக் கல்லும்

உள்ளலங்கார வடிவமைப்பாளர் முதலில் அனுப்பும் 3டி படம் அறையின் அமைப்பையும் அளவுப் பொருத்தத்தையும் நன்றாகவே காட்டும். சமையல் மேடையின் கிரானைட்டை அப்படிக் காட்டாது. படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கல்லின் சிறு புகைப்படம். மென்பொருள் அதையே மேடை முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறது. ஒரே புள்ளி சீரான இடைவெளியில் மறுபடி தென்பட்டால் அதைக் கண்டுகொள்ளலாம். உண்மைக் கல்லிலோ பலகைக்குப் பலகை நிறமும் கோடும் மாறும். ஒளியும் அப்படித்தான்: 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் சாம்பல் கல் பழுப்பேறித் தோன்றும்.

ஆகவே படத்தோடு செல்லும் கடிதத்தில், “இது கருத்துப் படம், கல்லின் நிறமும் பளபளப்பும் இறுதியானவை அல்ல. கடையில் பலகையை நேரில் பார்த்து நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெட்டுவோம்” என்று எழுதிவிடுவதே நேர்மை. வாடிக்கையாளரும் மாதிரித் துண்டைப் பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்த பின்பே ஒப்புதல் தர வேண்டும்.