20,400-ஆம் எண் பைட்டைத் தேடி

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வில் இப்படி ஒரு கணக்கு கேட்பார்கள். டிஸ்க்கின் ஒரு பிளாக் 512 பைட். ஒரு பிளாக்கின் முகவரியை எழுதிவைக்க 4 பைட். ஒரு கோப்பில் 20,400 என்ற எண்ணுள்ள பைட் வேண்டும். பைட்டையும் பிளாக்கையும் 0-விலிருந்து எண்ணுகிறோம். கோப்பு தொடங்கும் இடம் ஏற்கெனவே தெரியும். டிஸ்க்கை எத்தனை தடவை படிக்க வேண்டும்?

பிளாக்குகள் வரிசையாக ஒட்டியிருக்கும் தொடர் ஒதுக்கீட்டில் கணக்கு சுலபம். 20,400-ஐ 512-ஆல் வகுத்தால் ஈவு 39, மீதி 432. கோப்பு டிஸ்க்கின் 200-ஆம் பிளாக்கில் தொடங்கினால், 239-ஐப் படித்து அதில் 432-ஆம் எண் பைட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரே தடவைதான்.

இணைப்பு முறையில் பிளாக்குகள் எங்கெங்கோ கிடக்கும். அடுத்த பிளாக் எங்கே என்பதை ஒவ்வொரு பிளாக்கும் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும். பலர் இங்கேயும் 39 என்று போட்டுவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அந்த முகவரிக்கு 4 பைட் போய்விடுவதால் தரவுக்கு மிஞ்சுவது 508 பைட்தான். 508-ஆல் வகுத்தால் ஈவு 40, மீதி 80. அதாவது, நாம் தேடும் பைட் ஒரு பிளாக் தள்ளிப் போய்விட்டது. குறுக்கு வழியும் கிடையாது. 0-விலிருந்து 40 வரை 41 பிளாக்குகளையும் படித்தே ஆக வேண்டும்.

சுட்டு முறையில் முகவரிகள் எல்லாம் தனியாக ஒரு பிளாக்கில் சேர்ந்திருக்கும். தரவு பிளாக்குகளில் முழு 512 பைட்டும் இருப்பதால் ஈவு மறுபடி 39. சுட்டு பிளாக்கைப் படித்து, 39-ஆம் இடத்திலுள்ள முகவரிக்குப் போனால் இரண்டு தடவை. "சுட்டு பிளாக் நினைவகத்தில் உள்ளது" என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால் ஒன்றுதான். விடையை எழுதும் முன் அந்த வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது. இந்த முறைக்கு ஒரு வரம்பும் உண்டு: ஒரு சுட்டு பிளாக்கில் 128 முகவரிகள்தான் அடங்கும். கோப்பு 65,536 பைட்டைத் தாண்டினால் இன்னொரு சுட்டு பிளாக் தேவை.

ஒரே வாசிப்பில் முடிகிற தொடர் முறையை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கோப்பு வளரும்போதுதான் சிக்கல். பக்கத்துப் பிளாக்கில் வேறொரு கோப்பு இருந்தால், நம் கோப்பு முழுவதையும் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். டிஸ்க்கில் காலியிடம் நிறைய இருந்தும், அது துண்டு துண்டாகக் கிடந்தால் பயன்படாது. எழுதிய பிறகு கோப்பு வளரவே வளராத சிடி-ராம் போன்றவற்றுக்கு இந்த முறை கச்சிதம்.

இணைப்பு முறையையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எம்எஸ்-டாஸ் காலத்து ஃபேட் அமைப்பு முகவரிகளைப் பிளாக்குகளிலிருந்து வெளியே எடுத்து ஓர் அட்டவணையில் கோத்துவைத்தது. அட்டவணை நினைவகத்தில் இருந்தால் சங்கிலியின் 39 கண்ணிகளையும் அங்கேயே கடந்துவிடலாம். பிளாக் அளவு அதே 512 என்றால், 41 வாசிப்பு ஒன்றாகச் சுருங்கிவிடும்.